பனியிலும் தளராத ஏஏ செல்: லித்தியமும் பைரைட்டும் சேர்ந்து செய்யும் வேலை

பென்சில் பேட்டரி என்று கடைகளில் கேட்டு வாங்கும் ஏஏ செல்லின் அளவு உலகெங்கும் ஒன்றுதான்: 14.5 மில்லிமீட்டர் விட்டம், 50.5 மில்லிமீட்டர் நீளம். அந்த உறைக்குள் என்ன வேதிப்பொருள் இருக்கிறது என்பது மட்டும் மாறும். நல்ல அல்கலைன் செல்லைத் தராசில் வைத்தால் 23 கிராம் அளவில் நிற்கும். அதே அளவுள்ள லித்தியம் இரும்பு டைசல்ஃபைடு செல் சுமார் 15 கிராம்தான். மின்னழுத்தம் இரண்டிலும் 1.5 வோல்ட் என்றே அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் உறைபனியில் வைத்து ஒரு ஆம்பியர் மின்னோட்டம் கேட்டால், எடை குறைந்த செல் ஓடிக்கொண்டிருக்கும், கனமான செல் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். இதற்கெல்லாம் லித்தியம்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். உள்ளே பார்த்தால், எடைக் குறைவில் பெரும்பங்கு லித்தியத்துடையது அல்ல. அதன் எதிரே இருக்கும் இரும்புத் தாதுவுடையது.

முதலில் அல்கலைன் செல். உறையின் உட்சுவரை ஒட்டி, மாங்கனீசு டைஆக்சைடும் கொஞ்சம் கிராஃபைட்டும் கலந்து அழுத்திய கருப்பு வளையம் இருக்கும். அதுதான் நேர்முனை. வளையத்தின் நடுவே உள்ள குழியில், துத்தநாகத் தூளைக் கூழாக்கி நிரப்பியிருப்பார்கள். அது எதிர்முனை. இரண்டுக்கும் நடுவே காகிதம் போன்ற ஒரு பிரிப்பான். எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டிருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைந்த நீர். இது கடுமையான காரக் கரைசல். அல்கலைன் என்ற பெயர் வந்ததும், பழைய செல் கசிந்து ரிமோட்டின் தகடுகளில் வெள்ளைப் பூச்சு படிவதும் இதனால்தான்.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டியது, நேர்முனையும் எதிர்முனையும் ஒன்றையொன்று பார்க்கும் பரப்பு. குழியின் விட்டம் 9 மில்லிமீட்டர், உயரம் 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பரப்பு ஏறத்தாழ 11 சதுர சென்டிமீட்டர்தான் வருகிறது. ஒரு தபால்தலையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவே. செல் கொடுக்கும் மின்னோட்டம் முழுவதும் இந்தக் குறுகிய வாசல் வழியாகவே போக வேண்டும். காரக் கரைசல் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவதால், அறை வெப்பநிலையில் இந்தக் குறுகல் பெரிதாகத் தெரிவதில்லை.

லித்தியம் செல்லில் இப்படிச் செய்ய வழியில்லை. லித்தியம் நீரைத் தொட்டால் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியேற்றும். ஆகவே நீர்க் கரைசல் எதுவும் உள்ளே போகக்கூடாது. அதற்குப் பதிலாக டைமெத்தாக்சி ஈத்தேன், டையாக்சோலேன் போன்ற ஈதர் வகைக் கரைப்பான்களில் லித்தியம் அயோடைடு உப்பைக் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். இந்தத் திரவம் காரக் கரைசல் அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் செல்லின் வடிவத்தையே மாற்றினார்கள். லித்தியம் உலோகத்தை மெல்லிய நீண்ட தகடாக எடுத்துக்கொண்டார்கள். இரும்பு டைசல்ஃபைடு தூளை ஓர் அலுமினியத் தாளின் இரு பக்கமும் பூசினார்கள். நடுவே நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் படலத்தை வைத்து, மூன்றையும் பாயைப்போல் சுருட்டி உறைக்குள் செருகினார்கள். சுருளை விரித்தால் எதிரெதிர்ப் பரப்பு அல்கலைன் செல்லில் உள்ளதைப்போல் பத்து மடங்குக்கும் அதிகமாக இருக்கும். அயனிகள் கடக்க வேண்டிய தூரமோ ஒரு முடியின் தடிமனைவிடக் குறைவு. கடத்துதிறன் குறைந்த திரவம்தான் என்றாலும், அகன்ற பரப்பும் குறுகிய தூரமும் சேர்ந்து அந்தக் குறையை மூடிவிடுகின்றன.

இரும்பு டைசல்ஃபைடு என்பது இயற்கையில் பைரைட் என்ற பெயரில் கிடைக்கும் கனிமம். தங்கம்போல மஞ்சளாக மினுங்கி, சுரங்கம் தோண்டியவர்களை ஏமாற்றிய அதே கல். இதற்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, லித்தியத்துக்கு எதிரே வைத்தால் இது தரும் மின்னழுத்தம் சுமை ஏறியதும் 1.5 வோல்ட்டை ஒட்டி நிற்கும். மற்ற பல லித்தியம் செல்கள் 3 வோல்ட் கொடுப்பதால் அவற்றைப் பென்சில் பேட்டரி போடும் கருவிகளில் போட முடியாது. கார் சாவியில் இருக்கும் தட்டைச் செல் அந்த வகைதான். பைரைட்டால்தான் லித்தியத்தை ஏஏ உறைக்குள் கொண்டுவந்து, எந்த மின்சுற்று மாற்றமும் இல்லாமல் பழைய கருவியில் போட முடிந்தது. இரண்டாவது குணம் எடையைப் பற்றியது.

ஒரு செல் எவ்வளவு மின்னூட்டம் தரும் என்பது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கிராம் பொருளும் எத்தனை எலக்ட்ரான்களைக் கைமாற்றும் என்பதைப் பொறுத்தது. 3 ஆம்பியர் மணி மின்னூட்டம் தர வேண்டும் என்று வைத்துக்கொண்டு, இரண்டு செல்லுக்கும் தேவையான பொருளைக் கணக்கிடலாம். ஒரு கிராம் துத்தநாகம் 0.82 ஆம்பியர் மணி தரும். ஆகவே 3.7 கிராம் துத்தநாகம் வேண்டும். ஒரு கிராம் லித்தியம் 3.86 ஆம்பியர் மணி தரும். முக்கால் கிராமுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். இந்த மாற்றத்தில் மிச்சமாவது ஏறத்தாழ 3 கிராம்.

இனி நேர்முனைப் பக்கம். மாங்கனீசு டைஆக்சைடின் ஒரு மூலக்கூறு, அல்கலைன் செல்லின் பயனுள்ள ஆயுளில், ஓர் எலக்ட்ரானைத்தான் வாங்கிக்கொள்கிறது. கிராமுக்கு 0.31 ஆம்பியர் மணி. எனவே 9.7 கிராம் தேவைப்படுகிறது. பைரைட் மூலக்கூறு ஒன்று நான்கு எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும்:

FeS2 + 4Li → Fe + 2Li2S

இரும்பு வெறும் உலோகமாகப் பிரிந்துவிடும். கந்தகம் லித்தியத்தோடு சேர்ந்துவிடும். கிராமுக்கு 0.89 ஆம்பியர் மணி கிடைப்பதால் 3.4 கிராம் பைரைட் போதும். இங்கே மிச்சமாவது 6 கிராமுக்கு மேல். அதாவது துத்தநாகத்தை நீக்கி லித்தியம் வைத்ததால் கிடைத்த லாபத்தைப்போல் இரு மடங்கு, மாங்கனீசை நீக்கிப் பைரைட் வைத்ததால் கிடைக்கிறது. லித்தியம் உலோகங்களிலேயே லேசானது என்பது உண்மை. ஆனால் செல் லேசானதற்கு அந்த ஒரு விளக்கம் மட்டும் போதாது.

கூட்டிப் பார்த்தால் அல்கலைன் பக்கம் 13 கிராமுக்கு மேல், லித்தியம் பக்கம் 4 கிராம். வித்தியாசம் 9 கிராம். தராசு காட்டும் வித்தியாசமோ 8 கிராம். லித்தியம் செல்லில் அலுமினியத் தாள், நீண்ட படலம், மூடிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுவிட்சு ஆகியவை கூடுகின்றன. அல்கலைனில் நீர்க் கரைசலின் கனம் கூடுகிறது. இரண்டிலும் எஃகு உறை உண்டு. இவையெல்லாம் சேர்ந்த கணக்கு அது.

லேசாக இருக்கிறதே, அப்படியானால் இன்னும் அதிகம் திணித்து மூன்று மடங்கு மின்னூட்டம் தரலாமே என்று தோன்றலாம். அங்கே தடையாக நிற்பது இடம். லித்தியத்தின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் பாதிதான், மரக்கட்டையைப்போல. முக்கால் கிராம் லித்தியம் ஒன்றரை கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். 3.7 கிராம் துத்தநாகத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு இடம் போதும். ஏஏ உறையின் மொத்தக் கொள்ளளவே 8 கன சென்டிமீட்டர்தான். எனவே எடையில் கிடைத்த லாபம் அப்படியே கொள்ளளவில் கிடைப்பதில்லை. சுவர்க் கடிகாரம் போல மிக மெதுவாகச் செலவழிக்கும் கருவியில், நல்ல அல்கலைன் செல்லும் 3 ஆம்பியர் மணிக்கு அருகில் தரும். லித்தியம் செல் தருவது அதைவிடச் சற்றே அதிகம்.

வேகமாகச் செலவழிக்கும் கருவிகளில் நிலைமை வேறு. எல்லாச் செல்லுக்குள்ளும் ஓர் உள்தடை உண்டு. மின்னோட்டம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வோல்ட் அந்தத் தடையிலேயே இழக்கப்பட்டு வெப்பமாகிவிடும். புதிய அல்கலைன் ஏஏ செல்லின் உள்தடை அறை வெப்பநிலையில் சுமார் 0.15 ஓம். கடிகாரம் இழுக்கும் மின்னோட்டத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு ஆம்பியர் இழுத்தால் 0.15 வோல்ட் போய்விடும். அல்கலைன் செல்லின் மின்னழுத்தம் பயன்படுத்தப் பயன்படுத்தச் சரிந்துகொண்டே வருவது. 1.6 வோல்ட்டில் தொடங்கி, பாதி தீர்ந்தபோது 1.3 வோல்ட் அளவில் இருக்கும். அதற்குள் துத்தநாகத் துகள்களின் மேல் ஆக்சைடு படிந்து உள்தடையும் ஏறியிருக்கும்.

இதைச் சோதிப்பதற்கு டிஜிட்டல் கேமராவை ஒத்த ஒரு தரச்சோதனை இருக்கிறது. செல்லிலிருந்து 2 வினாடி 1.5 வாட், அடுத்த 28 வினாடி 0.65 வாட் என்று இழுப்பார்கள். இப்படி மணிக்குப் பத்து முறை. மின்னழுத்தம் 1.05 வோல்ட்டைத் தொட்டதும் சோதனை முடிந்தது. கேமரா கேட்பது மாறாத வாட். எனவே மின்னழுத்தம் குறையக் குறைய அது அதிக ஆம்பியர் இழுக்கும். 1.5 வோல்ட் இருக்கும்போது 1 ஆம்பியர் போதும். 1.1 வோல்ட்டுக்கு இறங்கினால் 1.36 ஆம்பியர் வேண்டும். ஆம்பியர் கூடினால் உள்தடையில் இழப்பு கூடும், இழப்பு கூடினால் மின்னழுத்தம் இன்னும் இறங்கும். அல்கலைன் செல் இந்தச் சுழலில் சிக்கி, தன் ஆற்றலில் பெரும்பகுதியை உள்ளேயே வைத்துக்கொண்டு நின்றுவிடும். கேமராவில் செத்துப்போன செல்லைக் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடுவது இதனால்தான். லித்தியம் செல்லின் மின்னழுத்தம் ஏறக்குறைய சமதளமாகப் போய்க் கடைசியில் சட்டென விழும். ஒரு ஆம்பியர் தொடர்ந்து இழுத்தாலும் அது 3 ஆம்பியர் மணியை ஒட்டிக் கொடுத்துவிடும். அல்கலைன் அந்த வேகத்தில் தன் கொள்ளளவில் பாதியைக்கூடத் தருவதில்லை.

குளிர் இதே சிக்கலைப் பன்மடங்காக்குகிறது. அல்கலைன் செல் குளிரில் உறைந்துவிடுகிறது என்று சொல்வது சரியல்ல. செறிவான காரக் கரைசல் பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியிலும் உறையாது. அது தடித்துப்போகும். அயனிகள் அதற்குள் மெதுவாக நகரும். மாங்கனீசு டைஆக்சைடு துகள்களின் உட்பகுதிக்குப் புரோட்டான்கள் ஊடுருவுவதும் மந்தமாகும். விளைவு ஒன்றே: உள்தடை ஏறுகிறது. எனர்ஜைசர் நிறுவனத்தின் புதிய அல்கலைன் ஏஏ செல்லில் 0.15 ஓமாக இருக்கும் உள்தடை, மைனஸ் 40 டிகிரியில் 0.9 ஓம் அளவுக்குப் போகிறது. அங்கே ஒரு ஆம்பியர் இழுத்தால் 0.9 வோல்ட் உள்ளேயே போய், வெளியே 0.7 வோல்ட்தான் வரும். புத்தம்புதிய செல்லே எந்தக் கேமராவையும் இயக்க முடியாத நிலை. அல்கலைனுக்குக் கீழ் எல்லையாக மைனஸ் 18 டிகிரியை அந்நிறுவனம் குறிப்பிடுகிறது. லித்தியம் செல்லுக்கு மைனஸ் 40.

இந்த வித்தியாசத்துக்கு இரண்டு காரணங்கள். ஈதர் கரைப்பான்கள் நீர்த்த, இலகுவான திரவங்கள். டைமெத்தாக்சி ஈத்தேன் உறைவது மைனஸ் 58 டிகிரியில், டையாக்சோலேன் மைனஸ் 95 டிகிரியில். குளிரில் அவை காரக் கரைசல் அளவுக்குத் தடிப்பதில்லை. இரண்டாவது காரணம் முன்பே சொன்ன சுருள். பரப்பு பெரிதாக இருப்பதால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமக்க வேண்டிய மின்னோட்டம் சிறிது. குளிரில் வினை மந்தமானாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் குளிர் லித்தியம் செல்லைத் தொடுவதே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மைனஸ் 40 டிகிரியில் ஒரு ஆம்பியர் அளவு இழுத்தால் அதன் கொள்ளளவும் நன்றாகவே குறையும்.

இந்த இரண்டு சோதனைகளும் ஒரே இடத்தில் சேர்ந்து வருவது இமயமலையில் பனிச்சிறுத்தையைப் படமெடுக்க வைக்கும் தானியங்கிக் கேமராக்களில். 2024 ஜனவரியில் வெளியான இந்தியாவின் முதல் பனிச்சிறுத்தைக் கணக்கெடுப்புக்காக 1,971 இடங்களில் இத்தகைய கேமராக்கள் வைக்கப்பட்டன. நாடு முழுவதும் 718 பனிச்சிறுத்தைகள் என்ற மதிப்பீடு அதிலிருந்துதான் வந்தது. லடாக், ஸ்பிதி போன்ற இடங்களில் கேமரா வைக்கும் பாறை முகடுகள் 4,000 மீட்டருக்கு மேல் இருக்கும். குளிர்கால இரவில் மைனஸ் 20 டிகிரி அங்கே சாதாரணம்.

இவ்வகைக் கேமராக்களில் சில 12 ஏஏ செல் போடுபவை. விலங்கு வராத நேரத்தில் அவை இழுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. வெப்பமுள்ள ஓர் உடல் குறுக்கே போனதும் விழித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகளை எரித்துப் படமெடுக்கும். அந்தச் சில கணங்களில் மின்னோட்டம் பலநூறு மடங்கு எகிறும். பனிச்சிறுத்தை அதிகம் நடமாடுவது அந்தியிலும் இரவிலும் விடியலிலும். விளக்கு எரிய வேண்டியதும் அப்போதுதான். கடுங்குளிரும் அப்போதுதான். பகலில் நிழலாகப் படமெடுக்க விளக்கு தேவையில்லை, செல்லும் சற்றுச் சூடேறியிருக்கும்.

ஆகவே அல்கலைன் செல் தளரும்போது அது ஒரு தனி அடையாளத்தைக் காட்டும். பகல் படங்கள் எல்லாம் சரியாக இருக்கும். இரவுப் படங்கள் மட்டும் முதலில் மங்கலாகும், பின் அருகிலுள்ள பாறை மட்டும் தெரியும், பின் முழுக்கக் கருப்பாகும். கேமராவைக் கழற்றி முகாமின் கதகதப்பில் வைத்துச் சோதித்தால் செல்லில் பாதி மிச்சம் என்று காட்டும். காட்டுவது பொய்யல்ல. குளிரில் அல்கலைன் இழப்பது நிரந்தர இழப்பு அல்ல. சூடேறியதும் உள்தடை இறங்கி, மீதி மின்னூட்டம் திரும்பக் கிடைத்துவிடும். இரவில் மட்டும் கருப்புப் படம் வந்தால் கேமரா பழுது என்று முடிவுகட்டுமுன் செல்லைச் சந்தேகிக்க வேண்டும்.

எடையும் இங்கே வெறும் வசதி அல்ல. ஒரு கேமராவுக்கு 12 அல்கலைன் செல் 276 கிராம். லித்தியம் என்றால் 180 கிராம். ஐம்பது கேமராக்களுக்கு 600 செல்: அல்கலைன் 13.8 கிலோ, லித்தியம் 9 கிலோ. அந்த 4.8 கிலோவை மெலிந்த காற்றில் முதுகில் ஏற்றிக்கொண்டு போவது ஒரு மனிதர். அதைவிடப் பெரிய லாபம், செல் மாற்றுவதற்காக அதே முகட்டுக்கு நடுக்குளிரில் மறுபடி ஏற வேண்டியதில்லை என்பது.

லித்தியம் செல்லின் நல்ல குணமே தொல்லையாகும் இடமும் உண்டு. அதன் மின்னழுத்தம் கடைசிவரை சமதளமாக இருப்பதால், மின்னழுத்தத்தை அளந்து மிச்சத்தைச் சொல்லும் கருவிகள் ஏமாந்துவிடும். அல்கலைனுக்கென்று அமைத்த அளவுகோல், தீரப்போகும் லித்தியம் செல்லையும் கிட்டத்தட்ட முழுதாக இருப்பதாகவே காட்டும். பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவிகள் பலவற்றில், அவை குளிரில் பயன்படுபவை என்றாலும், அல்கலைன் மட்டுமே போட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வலியுறுத்துவதற்கு இதுவே முக்கியக் காரணம். மிச்சம் எவ்வளவு என்று தெரியாத கருவியோடு சரிவில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. சில புதிய மாதிரிகளில் எந்தச் செல் போட்டிருக்கிறோம் என்று கருவிக்கே சொல்லும் வசதி உண்டு. அது இல்லாத கருவியில் கையேடு சொல்வதை மீறக்கூடாது.

வேறு எல்லைகளும் உண்டு. புதிய லித்தியம் செல் சுமை இல்லாதபோது 1.8 வோல்ட் வரை காட்டும். சுமை ஏறியதும் இறங்கிவிடும் என்பதால் பெரும்பாலான கருவிகளுக்கு இதனால் கெடுதல் இல்லை. மூடிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுவிட்சு, செல் மிகச் சூடானால் தடையை ஏற்றி மின்னோட்டத்தைக் குறைக்கும். காற்றோட்டமில்லாத சக்திவாய்ந்த டார்ச் சில நிமிடம் எரிந்தபின் திடீரென மங்கி, ஆறியபின் மறுபடி பிரகாசித்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இந்தச் செல்லைச் சார்ஜ் செய்யவே கூடாது. அல்கலைனோடு கலந்து ஒரே கருவியில் போடவும் கூடாது. விமானத்தில் உபரிச் செல்களைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு செல்லில் இருக்கும் லித்தியம் ஒரு கிராமுக்குள்தான் என்பதால், 2 கிராம் என்ற பயண வரம்புக்குள் அது அடங்கிவிடும்.

வாங்கும்போது பெயர்க் குழப்பத்தில் விழாமல் இருப்பதும் முக்கியம். லித்தியம் என்று எழுதிய ஏஏ அளவுச் செல்கள் எல்லாம் ஒன்றல்ல. மறுபடி சார்ஜ் செய்யும் லித்தியம் அயன் செல் இதே அளவில் 3.7 வோல்ட்டில் வருகிறது. பென்சில் பேட்டரிக் கருவியில் அதைப் போட்டால் கருவி கருகிவிடலாம். உள்ளே மின்சுற்று வைத்து 1.5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் சார்ஜ் வகையும் இருக்கிறது. பைரைட் செல்லைக் கண்டுபிடிக்க உறையில் 1.5 வோல்ட் என்றும், சார்ஜ் செய்யக்கூடாது என்றும், எஃப்ஆர்6 என்ற சர்வதேசக் குறியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அல்கலைனின் குறி எல்ஆர்6. குறி இல்லையென்றால் சமையலறைத் தராசே போதும்: 23 கிராம் காட்டும் செல், மேலே என்ன எழுதியிருந்தாலும், பைரைட் செல் அல்ல.

விலை அல்கலைனைப்போல் பல மடங்கு என்பதால் எல்லா இடத்திலும் இதைப் போடுவது வீண்செலவு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் அல்கலைனே தாராளம். அடிக்கடி ஃபிளாஷ் போடும் கேமராவுக்குச் சார்ஜ் செய்யும் நிக்கல் செல் மலிவாக முடியும். பனிமலைக்குப் போகும் கேமராவுக்கும், உறைபனியில் மாதக்கணக்கில் வெளியே நிற்கும் வானிலை உணரிக்கும், வருடக்கணக்கில் அலமாரியில் இருந்துவிட்டு ஓர் இரவு எரிந்தே ஆக வேண்டிய அவசரகால டார்ச்சுக்கும் பைரைட் செல்தான் சரியான தேர்வு. 20 ஆண்டுவரை கெடாமல் இருக்கும் என்று தயாரிப்பாளர் உறுதி சொல்லும் இந்தச் செல்லில், அந்த டார்ச்சின் தகடுகளை அரிக்கும் காரக் கரைசலும் இல்லை.